சைட் சேஃப்டி செக்லிஸ்ட்: எதற்கு வேலையை நிறுத்துவது, எதற்கு நாள் கொடுப்பது?

கட்டடம் நடக்கும் இடத்தில் சேஃப்டி வேலைக்குச் சேர்ந்த அன்று ஹெல்மெட், ஷூ, மினுங்கும் ஜாக்கெட் எல்லாம் கொடுத்தார்கள். சூப்பர்வைசர்கள் நிரப்பித் தரும் செக்லிஸ்டை வைத்துக்கொண்டு என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. "பார்த்துட்டு சைன் போட்டுக் குடுங்க சார்" என்பதோடு பயிற்சி முடிந்தது. அந்தத் தாளை எப்படிப் படிப்பது, எந்தக் குறையை எந்த அவசரத்தோடு திருப்பி அனுப்புவது என்பதைத் தட்டுத் தடுமாறித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. நீங்களும் டிப்ளமோ முடித்துவிட்டு இப்படி ஒரு மேசையில் உட்காரப்போகிறீர்கள் என்றால், இது உங்களுக்குத்தான்.

சென்னைப் புறநகரில் வழக்கமாகக் கட்டுகிற மாதிரி, கீழே பார்க்கிங்கும் மேலே ஐந்து தளமும் கொண்ட அடுக்குமாடி ஒன்றை மனதில் வைத்து எழுதுகிறேன். பெரிய பாலம், மெட்ரோ வேலைகளில் படிவங்கள் இன்னும் நீளும். பார்க்கும் முறை பெரிதாக மாறாது.

1. தாளைத் தொடும் முன் பக்கத்தில் வைக்க வேண்டியவை

செக்லிஸ்டை மட்டும் தனியாகப் படித்தால் ஒன்றும் தெரியாது. கூடவே மூன்று காகிதங்கள் வேண்டும். முதலாவது, இன்றைக்கு எந்த இடத்தில் என்ன வேலை, எத்தனை ஆள் என்ற வேலைப் பட்டியல். இரண்டாவது, உயரத்தில் வேலை, பள்ளம் தோண்டுதல், வெல்டிங் போன்றவற்றுக்குக் கொடுத்த பெர்மிட்டுகள். மூன்றாவது, நேற்று நீங்கள் திருப்பி அனுப்பியதில் இன்னும் மூடாமல் இருக்கும் குறைகள். பொருள் தூக்கும் லிஃப்டோ கிரேனோ இருந்தால் அவற்றின் சோதனைச் சான்றிதழ்களின் நகலை ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். காலாவதித் தேதியைக் கோப்பின் அட்டையிலேயே எழுதிவிட்டால் தினமும் தேட வேண்டாம்.

இன்னொரு காகிதமும் உண்டு, அதைச் சேர்ந்த வாரத்திலேயே பார்த்துவிடுங்கள்: உங்கள் பணி நியமனக் கடிதம். வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் உங்களுக்கு இருக்கிறதா, அல்லது புராஜெக்ட் மேனேஜர் வழியாகத்தான் சொல்ல வேண்டுமா என்பது அதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வேலை நின்றுபோய் எல்லோரும் கோபமாக இருக்கும் நேரத்தில் இந்தக் கேள்வியைக் கேட்க முடியாது.

2. டிக் அடித்ததை நம்பாமல், அடித்த விதத்தைப் படியுங்கள்

முதலில் தாளின் தலைப்பகுதி. சுற்றிப் பார்த்த நேரம் என்ன என்று பாருங்கள். எட்டரைக்கு வேலை தொடங்கும் சைட்டில் ஏழே முக்காலுக்குப் பார்த்ததாக எழுதியிருந்தால், சாரத்தின் மேல் யார் பெல்ட் போட்டிருந்தார்கள் என்பதற்கு அடித்த டிக் வெறும் மை. நாற்பது கேள்விக்கும் ஒரே சாய்வில், ஒரே அழுத்தத்தில் டிக் விழுந்திருந்தால் அது ஆபீஸ் அறையில் டீ குடித்தபடி அடித்தது. நேற்றைய தாளைப் பக்கத்தில் வைத்தாலே தெரிந்துவிடும்.

'இல்லை' என்று எழுதிய இடங்கள் சுலபம், அவரே சொல்லிவிட்டார். வம்பு ஒளிந்திருப்பது 'பொருந்தாது' என்பதில். போன மாதம் பள்ளம் இல்லாதபோது பழகிய கை, இந்த மாதம் சம்ப் தோண்டும்போதும் 'பள்ளம்: பொருந்தாது' என்றே எழுதும். வேலைப் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு 'பொருந்தாது'க்கும் எதிரே அந்த வேலை இன்று உண்மையிலேயே இல்லையா என்று பாருங்கள். பத்து நிமிடம்கூட ஆகாது. நான் மிக அதிகமாக ஆபத்தைப் பிடிப்பது இங்கேதான்.

இரட்டைக் கேள்விகளும் கவனிக்க வேண்டியவை. 'பள்ளத்தைச் சுற்றித் தடுப்பும் எச்சரிக்கைப் பலகையும் உண்டா?' என்று ஒரே வரியில் கேட்டிருக்கும். பலகை இருக்கும், தடுப்பு என்று சிவப்பு வெள்ளை ரிப்பன் ஒன்று தொங்கும். 'ஆம்' விழுந்துவிடும். இத்தகைய கேள்விகளை நேரம் கிடைக்கும்போது படிவத்திலேயே இரண்டாக உடைத்துவிடுங்கள்.

3. காகிதத்தில் முடிவு செய்யவே கூடாத ஐந்து இடங்கள்

எல்லாவற்றையும் நேரில் போய்ப் பார்க்க நேரம் இருக்காது. ஆனால் பள்ளம், தளத்தில் இருக்கும் திறப்புகள், சாரம், தற்காலிக மின்சாரம், தூக்கும் இயந்திரம் ஆகிய ஐந்தையும் செக்லிஸ்ட் என்ன சொன்னாலும் தினமும் கண்ணால் பாருங்கள். ஆளைக் கொல்பவை பெரும்பாலும் இவைதான். அரை மணி முதல் முக்கால் மணி நேரம் பிடிக்கும். மேல் தளத்திலிருந்து கீழே இறங்கி வருவது நல்லது. மேலே தெரியும் குறைக்குக் கீழே யார் நிற்கிறார் என்பதை இறங்கும்போது பார்த்துவிடலாம்.

4. அவசர நிலையை எப்படித் தீர்மானிப்பது

நான் மூன்றே நிலை வைத்திருக்கிறேன். சிவப்பு என்றால் அந்த இடத்தில் வேலை இப்போதே நிற்கும், நான் நேரில் பார்த்த பிறகுதான் தொடங்கும். மஞ்சள் என்றால் தற்காலிகத் தடுப்பு உடனே, முழுத் திருத்தம் இன்று வேலை முடிவதற்குள். நீலம் என்றால் ஏழு நாளுக்குள், தேதி போட்டு. மூன்றாவதற்குப் பச்சை வைக்காததற்குக் காரணம் உண்டு. சாரத்தில் பச்சை அட்டை தொங்கினால் 'ஏறலாம்' என்று அர்த்தம். குறைப் பட்டியலிலும் பச்சை வந்தால் யாராவது அப்படியே எடுத்துக்கொள்வார்கள்.

புதியவர்கள் குறை பார்க்க எவ்வளவு மோசமாக இருக்கிறது என்பதை வைத்து நிறம் போடுவார்கள். சிதறிக் கிடக்கும் பலகையும் ஆணியும் கண்ணை உறுத்தும், சிவப்பு விழும். சுத்தமாகப் பெருக்கிய தளத்தில் ஒரு பிளைவுட் துண்டு அமைதியாகக் கிடக்கும், அடியில் மூன்று மாடி ஆழம் இருக்கும், கண்ணில் படாது. அதனால் மூன்று கேள்வியை வரிசையாகக் கேளுங்கள். இது தவறினால் உயிரோ கை காலோ போகுமா, இல்லை மருந்து போட்டால் ஆறும் காயமா? அந்த இடத்துக்கு அடுத்த ஆள் எப்போது வருவார்: இப்போதேவா, மதியமா, அடுத்த வாரமா? ஆளுக்கும் ஆபத்துக்கும் நடுவில் உறுதியான வேறு தடுப்பு ஏதாவது இருக்கிறதா?

உயிர் போகும், ஆள் இப்போதே அங்கே இருக்கிறார், நடுவில் தடுப்பு இல்லை என்றால் சிவப்பு. மூன்றில் ஏதாவது ஒன்று மாறினால்தான் கீழே இறக்கலாம். திருத்த எவ்வளவு நேரம் ஆகும், யார் கோபப்படுவார் என்பவை இந்தக் கணக்கில் வரவே வராது.

5. ஒரு தாளை எடுத்து முழுதாகப் பார்ப்போம்

இரவு மழை பெய்த மறுநாள் காலை. தாளில் ஒரே ஒரு 'இல்லை': முதலுதவிப் பெட்டியில் மருந்து காலாவதி. மற்றதெல்லாம் 'ஆம்'. சுற்றி வந்தால் கிடைப்பது இது.

கட்டடத்தின் பின்பக்கம் சம்ப் குழி, ஆழம் 2.1 மீட்டர். உள்ளே இரண்டு பேர் அடிமட்டம் சரிசெய்கிறார்கள். வெட்டிய மண் விளிம்பிலிருந்து அரை மீட்டரில் குவியலாக இருக்கிறது. சுற்றி ரிப்பன், எனவே 'ஆம்'. பள்ள வேலைக்கான ஐ.எஸ். 3764 தரக்குறிப்புப்படி 1.5 மீட்டருக்கு மேல் ஆழம் போனால் பக்கங்களுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும் அல்லது சரிவாக வெட்ட வேண்டும். வெட்டிய மண் விளிம்பிலிருந்து 1.5 மீட்டர், அல்லது ஆழத்தில் பாதி, இதில் எது அதிகமோ அவ்வளவு தள்ளி இருக்க வேண்டும். இங்கே ஆழத்தில் பாதி ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேல்தான், ஆக 1.5 மீட்டரை எடுக்க வேண்டும். ரிப்பன் ஆளை எச்சரிக்கலாம், மண்ணைத் தடுக்காது. ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் இருக்கும், நனைந்தால் இன்னும் அதிகம். நெஞ்சு வரை புதைந்த ஆளால் மூச்சை இழுக்க முடியாது. விளிம்புக்கு இணையாக மண்ணில் ஓடும் மெல்லிய விரிசல், பக்கத்திலிருந்து பொலபொலவென உதிரும் மண், அடியில் ஊறும் நீர் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் பேச்சே இல்லை. தெரியாவிட்டாலும் இது சிவப்புதான்.

திருப்பி எழுதும்போது 'முட்டு கொடுக்கவும்' என்று மட்டும் எழுதினால், அதைக் கொடுக்க ஆளைக் குழிக்குள்ளேயே இறக்குவார்கள். அதனால் வரிசையையும் எழுத வேண்டும். முதலில் ஆட்கள் மேலே. பிறகு மண்ணை எடுப்பது, ஜே.சி.பி. விளிம்பை ஒட்டி நிற்காமல். அதற்குப் பிறகுதான் சரிவு வெட்டுவதோ முட்டோ. முட்டு என்றால் மேலிருந்து தொடங்கிக் கீழே போக வேண்டும். கடைசியில் விளிம்புக்கு மேல் ஒரு மீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும் ஏணி.

அடுத்தது மூன்றாம் தளம். பிளம்பிங் டக்டுக்கு விட்ட திறப்பின் மேல் பிளைவுட் கிடக்கிறது, ஆணி அடிக்கவில்லை, மேலே எதுவும் எழுதவில்லை. 'திறப்பு மூடப்பட்டுள்ளது: ஆம்.' அதே தளத்தில் பூச்சு வேலைக்காரர்கள். இதில் என்ன நடக்கும் என்றால், யாருக்காவது ஒரு பலகை தேவைப்படும், பிளைவுட்டை இரண்டு கையாலும் தூக்கி முன்னால் பிடித்தபடி ஓர் அடி எடுத்து வைப்பார். திறப்பு அவர் கண்ணுக்கே தெரியாது. சிவப்பு. "சார், பத்து நிமிஷத்துல அடிச்சிடுவோம், இதுக்குப் போய் சிவப்பா?" என்று கேட்பார்கள். பத்து நிமிடத்தில் முடியும் என்றால் பத்து நிமிடம் சிவப்பாக இருக்கட்டும். முழுத் தளத்தையும் நிறுத்த வேண்டாம், அந்தப் பக்கம் மட்டும். நகராமல் ஆணி அடித்து, மேலே பெயின்டில் 'கீழே திறப்பு, எடுக்காதே' என்று எழுத வேண்டும். வடநாட்டு ஆட்கள் இருந்தால் இந்தியிலும்.

கம்பி வெட்டும் மெஷினுக்குப் போகும் போர்டில், மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஈ.எல்.சி.பி. இருக்கிறது, அதனால் 'ஆம்'. மூடியைத் திறக்கச் சொல்லிப் பார்த்தால் ஒயரை அதைத் தாண்டி நேராகக் கொடுத்திருக்கிறார்கள். மழையில் அடிக்கடி டிரிப் ஆகி வேலை கெடுகிறதாம். டிரிப் ஆனது கெட்ட பழக்கத்தால் இல்லை, எங்கோ மின்சாரம் கசிகிறது என்று சொல்கிறது. பெரும்பாலும் தண்ணீரில் கிடக்கும் கேபிளில் தோல் உரிந்திருக்கும், அல்லது இன்சுலேஷன் டேப் சுற்றிய ஜாயின்ட் நனைந்திருக்கும். ஈரத்தில் நின்று இரும்பைத் தொடும் வேலை இது. சிவப்பு, போர்டை அணைத்துப் பூட்டு. கேபிளை மாற்றி, 30 மில்லியாம்பியர் ஈ.எல்.சி.பி. வழியாகவே இணைப்பு வந்ததும், உங்கள் கண் முன்னால் டெஸ்ட் பட்டனை அமுக்கச் சொல்லுங்கள். அந்தப் பட்டன் சாதனம் வேலை செய்கிறதா என்று மட்டும்தான் காட்டும். எர்த்திங் சரியா என்பதற்கு எலக்ட்ரீஷியன் தனியாக மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் தள உயரத்தில் பின்பக்கச் சாரம். கைப்பிடிக் குழாய் இருக்கிறது, பலகையின் ஓரத்தில் நிற்க வேண்டிய கால் பலகை இல்லை. அதனால் செங்கல் துண்டோ கரண்டியோ நேராகக் கீழே விழும். கீழே ஆட்கள் கழிப்பறைக்குப் போகும் வழி. இது நிறம் இரண்டு பக்கமும் சாயக்கூடிய இடம். வழியை இப்போதே அடைத்து வேறு பக்கம் திருப்பிவிட முடிந்தால், கீழே ஆள் இல்லை, ஆகவே மஞ்சள்: மாலைக்குள் 15 சென்டிமீட்டர் உயரப் பலகை ஓரம் முழுக்க. வழியைத் திருப்ப இடமே இல்லையென்றால் சிவப்பு, பலகை வரும்வரை மேலே வேலை இல்லை. அடைப்பது என்றால் குழாயும் கிளாம்பும் வைத்து அடைப்பது. கயிறு கட்டினால் மதியச் சாப்பாட்டுக்குள் யாராவது அதைத் தாண்டியிருப்பார்கள்.

மிச்சம் இரண்டு. முதலுதவிப் பெட்டி நீலம். வெல்டிங் இடத்துக்கான தீயணைப்பானில் முள் சிவப்புப் பகுதியில் நிற்கிறது. வெல்டிங் அடுத்த வாரம்தான் என்றால் நீலம், ஆனால் 'வெல்டிங் பெர்மிட் கொடுக்கும் முன்' என்று நிபந்தனை சேர்த்து. இன்றைக்கே வெல்டிங் என்றால் வேறு இடத்திலிருந்து நல்லது ஒன்றைக் கொண்டுவந்து வைக்கும்வரை தொடங்கக் கூடாது.

எல்லாவற்றுக்கும் சிவப்பு போடும் ஆசை ஆரம்பத்தில் வரும். ஒரு வாரம் அப்படிச் செய்து பாருங்கள், உங்கள் சிவப்புக்கு யாரும் தலைகூட நிமிர்த்த மாட்டார்கள்.

6. திருப்பி எழுதும் வரி

சிவப்பாக இருந்தால் தாள் எழுதுவது இரண்டாவது வேலை. அந்த இடத்திலேயே மேஸ்திரியிடம் சொல்லி நிறுத்தி, சைட் இன்ஜினியருக்குப் போன் போட்டுவிட்டு, அப்புறம் எழுதுங்கள்.

'சாரம் பாதுகாப்பாக இல்லை, சரி செய்யவும்' என்று எழுதினால் நாளைக்கு 'சரி செய்யப்பட்டது' என்று பதில் வரும். இரண்டுக்கும் அர்த்தம் கிடையாது. வரி இப்படி இருக்கட்டும்:

மஞ்சள். பின்பக்கச் சாரம், இரண்டாம் தளம், தூண் 4 முதல் 7 வரை: கால் பலகை இல்லை, கீழே நடைவழி. இப்போதே: நடைவழியைக் குழாய் வைத்து அடைத்து கிழக்குப் பக்கம் திருப்புதல். மாலை 5 மணிக்குள்: 15 செ.மீ. பலகை முழு நீளத்துக்கும். பொறுப்பு: சாரம் சப் கான்ட்ராக்டரின் மேஸ்திரி. மூடுவதற்கு: இரு முனையிலிருந்தும் எடுத்த படம்.

பொறுப்பு என்ற இடத்தில் 'சைட் டீம்' என்று எழுதாதீர்கள். ஒரு ஆள் இருக்க வேண்டும், அவருக்குப் போனில் சொல்லியிருக்க வேண்டும். நேரத்தில் 'உடனடியாக' என்று எழுதாமல் மணி எழுதுங்கள். தூண் எண் எழுதுவது முக்கியம், இல்லாவிட்டால் வேறு பக்கத்தில் சரிசெய்து படம் அனுப்புவார்கள். வாட்ஸ்அப்பில் தகவல் போகட்டும், தவறில்லை. ஆனால் பதிவேட்டிலும் அதே வரி இருந்து, வாங்கியவர் கையெழுத்தும் நேரமும் இருக்க வேண்டும். குரூப்பில் படங்கள் மேலே போய்விட்டால் பிறகு எதுவும் கிடைக்காது.

7. எந்த நேரத்தில் சொல்கிறீர்கள் என்பதில்தான் செலவு

மேலே சொன்ன குறைகளைத் திருத்த ஆகும் பணம் பெரிதல்ல. கால் பலகைக்கு சைட்டில் கிடக்கும் பலகையே போதும், ஈ.எல்.சி.பி.யும் கேபிளும் சேர்ந்து சில ஆயிரம் ரூபாய். பணம் போவது ஆள் சும்மா நிற்பதில். எனவே நிறுத்தும்போதே அந்த ஆட்களுக்கு வேறு எங்கே வேலை இருக்கிறது என்று இன்ஜினியரிடம் கேட்டுவிடுங்கள். சம்ப் ஆட்கள் கம்பி கட்ட உதவிக்குப் போகலாம். எதிர்ப்பு பாதியாகக் குறையும்.

தளம் கான்கிரீட் போடும் நாள்தான் மிகக் கடினம். ரெடிமிக்ஸ் லாரியில் ஏற்றிய நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் கான்கிரீட்டை இறக்கிவிட வேண்டும் என்பது ஐ.எஸ். 4926 விதி. லாரி கிளம்பிய பிறகு 'செண்ட்ரிங் முட்டு சரியில்லை' என்று நீங்கள் சொன்னால், கான்கிரீட் வீணாகும், இல்லையென்றால் உங்களை மீறிக் கொட்டுவார்கள். இரண்டாவதுதான் நடக்கும். ஆகவே செண்ட்ரிங் செக்லிஸ்டை முந்தைய நாள் மாலை நான்கு மணிக்கே வாங்கிவிடுங்கள். முட்டு நிற்கும் தரையைப் பாருங்கள்: புதிதாக நிரப்பிய மண்ணில் ஜாக்கியின் அடித்தகடு நேராக நிற்கிறதா, அடியில் பலகை இருக்கிறதா, முட்டுகளை ஒன்றோடொன்று கட்டும் குறுக்குக் குழாய் உண்டா. இரவில் மழை பெய்தால் காலையில் லாரியை ஏற்றச் சொல்லும் முன் இன்னொரு முறை. பிளான்டுக்குப் போன் போகும் முன் உங்கள் கையெழுத்து வேண்டும் என்று ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்துவிட்டால், அன்றைய சண்டை பெரும்பாலும் வராது.

அன்றைக்கு யாராவது "மஞ்சள்னு மாத்திடுங்க சார், மேல பேசிக்கலாம்" என்பார்கள். நிறத்தை மாற்ற ஒரே வழி, மூன்று கேள்வியில் ஒன்றின் பதில் சைட்டில் மாறியிருப்பது. மேலிடம் தொடரச் சொன்னால், சொன்னவர் பெயரும் நேரமும் போட்டு அதே வரிக்குக் கீழே எழுதி, கையெழுத்துக் கேளுங்கள். பெரும்பாலானோர் பேனாவைப் பார்த்ததும் யோசிப்பார்கள்.

8. குறையை மூடுவது

நீலத்துக்குப் படம் போதும். மஞ்சளுக்குப் படமும், மறுநாள் சுற்றில் ஒரு பார்வையும். சிவப்பை நேரில் பார்க்காமல் மூடாதீர்கள், படம் எவ்வளவு அழகாக இருந்தாலும். குறையைக் காட்டிய அதே கோணத்தில், பின்னணியில் ஏதாவது ஒரு அடையாளம் தெரியும்படி படம் கேளுங்கள். பழைய படத்தையே திரும்ப அனுப்புவது இந்தத் தொழிலில் புதிதல்ல.

ஒரே குறை மூன்றாவது முறை வந்தால் நான்காவது முறை அதே வரியை எழுதிப் பயனில்லை. டக்ட் மூடி மறுபடி மறுபடி காணாமல் போகிறது என்றால் பிளம்பர் தினமும் அதன் வழியாகத்தான் குழாய் இறக்குகிறார் என்று அர்த்தம். ஆணி அடித்த பலகையை அவர் எடுக்கத்தான் செய்வார். அங்கே கம்பி வலை பதித்து, குழாய் போகும் அளவுக்கு மட்டும் வெட்டிக் கொடுக்க வேண்டும். கான்கிரீட் போடும்போதே தளக் கம்பியைத் திறப்பின் குறுக்கே விட்டுவிட்டு, தேவைப்படும்போது வெட்டினால் இன்னும் நல்லது. இதற்கு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் அடுத்த தளம் போடும் முன்பே பேச வேண்டும்.

சப் கான்ட்ராக்டர் மாறும் நாளில் மூடாத குறைகளின் பட்டியலை ஒரு நகல் எடுத்து, புதிதாக வரும் மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு இடமாகக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். "அது பழைய ஆள் கட்டின சாரம் சார்" என்று அவர் சொல்வதற்கு முன்.